மூக்கு ஸ்பிரே: வலது மூக்கில் மட்டும் ஏன் இரத்தம் வந்தது?



மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கிய நேரத்தில் நம் மதரஸா கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு, ஆதனக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி தன் மகளை அழைத்து வந்திருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தப் பக்கத்தில் முந்திரி வறுக்கும் புகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனிக்காலம் வந்தால் அந்தப் பிள்ளைக்குக் காலையில் தொடர்ந்து பதினைந்து, இருபது தும்மல். மூக்கு அடைத்துக்கொண்டு இரவில் வாயால்தான் மூச்சு. ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தார்.

தாயார் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, இந்த மருந்து அடிக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல தலையணையில ரத்தம். நிப்பாட்டிட்டோம். தும்மல் கூடிச்சு, மறுபடி அடிச்சோம், மறுபடி ரத்தம். ஸ்டீராய்டுன்னு வேற சொல்றாங்க. இது வேணாம், வேற மருந்து எழுதச் சொல்லுங்க."

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் வேறு மருந்து எழுதவில்லை. பிள்ளையிடம் அந்தப் பாட்டிலைக் கொடுத்து, "நீ வீட்டில் எப்படி அடிப்பியோ அப்படியே செஞ்சு காட்டும்மா" என்றார். அவள் முகத்தை மேலே தூக்கினாள், பாட்டிலை வலது கையில் பிடித்து வலது மூக்கில் நுழைத்தாள், அழுத்தினாள், மூக்குப்பொடி போடுகிறவரைப் போல ஒரே இழுப்பாக இழுத்தாள். அதே கையால் இடது மூக்கிலும் அதையே செய்தாள். மருத்துவர் கேட்டார்: "ரத்தம் வலது பக்கம் மட்டும்தானே வருது?" தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமாம், வலது பக்கம் மட்டும்தான். அதுவரை அதை அவர்கள் கவனித்துச் சொல்லவே இல்லை.

அன்று மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கியதையும், அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இந்தப் பாட்டில் இருக்கிறது. பாதி பயன்படுத்திய நிலையில் அலமாரியில் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

மூக்கின் உள்ளே இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அதன் முன்பகுதி குருத்தெலும்பு. அதன் மேல் மிக மெல்லிய ஈரத்தோல். அந்த முன்பகுதியில், விரல் நுனி படும் தூரத்தில், பல இரத்தக் குழாய்களின் கிளைகள் வந்து ஒன்றுகூடுகின்றன. 1879இல் அமெரிக்க அறுவை மருத்துவர் லிட்டில் என்பவர் இந்த இடத்தைப் பற்றி எழுதியதால் மருத்துவர்கள் இன்றும் 'லிட்டில் பகுதி' என்றே அதைச் சொல்கிறார்கள். சாதாரணமாக மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்துதான்.

ஒவ்வாமையின் வீக்கம் இருப்பதோ வேறு இடத்தில். அறையின் வெளிப்பக்கச் சுவரில், அதாவது கன்னத்தின் பக்கம், சதை மடிப்புகள் இருக்கின்றன. தூசி, புகை, பனி பட்டால் அவைதான் வீங்கி வழியை அடைக்கின்றன. மருந்து போய்ச் சேர வேண்டியது அங்கே.

இப்போது உங்கள் வலது கையில் ஒரு பேனாவைப் பிடித்து, அதன் நுனியை வலது மூக்குக்கு நேராகக் கொண்டு போய்ப் பாருங்கள். கை இயல்பாக வளையும்போது நுனி எந்தப் பக்கம் சாய்கிறது? நடுச்சுவரை நோக்கி. அதே வலது கையை இடது மூக்குக்குக் கொண்டு போனால் கை முகத்தைக் குறுக்கே கடக்கிறது. அப்போது நுனி கன்னத்தின் பக்கம் சாய்கிறது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இவ்வளவுதான். இடது மூக்கில் மருந்து தற்செயலாகச் சரியான இடத்துக்குப் போயிற்று. வலது மூக்கில் தினமும் இரண்டு முறை நேராக லிட்டில் பகுதியின் மேல் விழுந்தது. ஸ்டீராய்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படிந்தால் அந்த மெல்லிய தோல் மேலும் மெலிந்து வறண்டுபோகும், பொருக்கு கட்டும். பொருக்கு உதிரும்போது இரத்தம். பாட்டிலின் முனையும் அதே இடத்தில் உரசினால் கேட்கவே வேண்டாம். மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தபோது வலப்பக்கச் சுவரில் சிவந்து ஒரு பொருக்கு இருந்தது. இடப்பக்கம் சுத்தமாக இருந்தது.

மருந்துடன் வரும் விவரத்தாளிலேயே மூக்கில் இரத்தம் வருவது அடிக்கடி காணும் பக்கவிளைவு என்று போட்டிருக்கிறது. ஃப்ளூட்டிகசோன் மருந்துக்குப் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் என்ற வகையில் அது சேர்க்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் லேசான இரத்தம்தான். சரியாக அடித்தாலும் சிலருக்கு வரலாம். ஆனால் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் நீங்கள் பாட்டில் பிடிக்கும் கையின் பக்கமே வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான்.

ஆகவே முறை இது: வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. இடது கையால் மருந்து எடுப்பதா என்று பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள். உளூவில் வலது கையால் மூக்கில் நீர் செலுத்தி, இடது கையால் சிந்துகிறோம் அல்லவா? மூக்குக்கும் இடது கைக்கும் உள்ள பழக்கம் நமக்குப் புதிதல்ல.

அடிப்பதற்கு முன் மூக்கை மெதுவாகச் சிந்திச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சளிக்கு மேல் விழுந்த மருந்து சளியோடு வெளியே போய்விடும். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து நீரில் கரைந்திருப்பதில்லை; நுண்தூளாக மிதக்கிறது, சும்மா வைத்திருந்தால் அடியில் தங்கிவிடும். புதுப் பாட்டில் என்றால் முதல் சில அழுத்தல்களில் காற்றுதான் வரும். சீரான பனிபோல வரும்வரை வெளியே காற்றில் அடித்துவிட வேண்டும். மருந்தைப் பொறுத்து ஆறு முதல் பத்து அழுத்தல்கள் ஆகலாம். பல நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இரண்டொரு முறை அப்படி அடித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் முதல் இரண்டு நாள் வெறும் காற்றை அடித்துக்கொண்டு 'மருந்து கேட்கவில்லை' என்பார்கள்.

தலையை எப்படி வைப்பது? மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் மருந்து நேராகத் தொண்டைக்கு ஓடிவிடும். தொழுகையில் நிற்கும்போது ஸஜ்தா செய்யும் இடத்தைப் பார்க்கிறோமே, அந்த அளவுக்குத் தலை தாழ்ந்தால் போதும். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து முனையை மட்டும், அரை விரல்கடை அளவுக்குள், மூக்கில் நுழைக்க வேண்டும். பிறகு அதை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். வலது மூக்கு என்றால் வலது கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி, இடது மூக்கு என்றால் இடது கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி. குறி தவறாமலிருக்க ஓர் எளிய அடையாளம்: எந்த மூக்கோ அந்தப் பக்கத்துக் காதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தும்போது மூச்சை இழுக்க வேண்டும், ஆனால் மெல்ல. இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். மூக்குப்பொடி இழுப்பு கூடாது. அத்தர் தடவிய கையை முகர்கிறோமே, அந்த மூச்சு போதும். வாயால் மூச்சை விட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை என்று எழுதியிருந்தால் இரண்டாவது முறை முனையின் கோணத்தைச் சிறிது மாற்றி, ஆனால் வெளிப்பக்கமாகவே, அடிக்க வேண்டும். முடிந்ததும் முனையைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மூடியைப் போடுங்கள்.

சரியாகச் செய்தீர்களா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடித்த உடனே தொண்டையில் மருந்தின் சுவை தெரிந்தால், பலமாக இழுத்துவிட்டீர்கள் அல்லது தலை மேலே இருந்தது. மருந்து மூக்கிலிருந்து முன்பக்கம் சொட்டினால், முனை சரியாக உள்ளே போகவில்லை, அல்லது மூக்கு முற்றிலும் அடைத்திருக்கிறது. நடுவில் சுருக்கென்று குத்தியதுபோல் இருந்தால், முனை சுவரைத் தொடுகிறது. சரியாகச் செய்தால் பெரிதாக எதுவும் தெரியாது. அசெலாஸ்டின் என்ற இன்னொரு மருந்தும் கலந்த ஸ்பிரே என்றால் மட்டும் கசப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், தலையைத் தாழ்த்தி மெல்ல இழுத்தால் குறையும்.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். அந்தப் பிள்ளை எந்த நேரத்தில் அடிக்கிறாள் என்று மருத்துவர் கேட்டார். "ஸுப்ஹுக்கு எழுந்ததும் அடிச்சிடுவேன், அப்பதானே தும்மல் வருது. அப்புறம் ஒளு செஞ்சு தொழுவேன்" என்றாள். மருத்துவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருக்கு உளூ செய்யும் முறை முழுதாகத் தெரியாது. கூடவே நின்ற எனக்குத்தான் சட்டென்று உறைத்தது. இஸ்தின்ஷாக் செய்யும்போது மூன்று முறை மூக்கில் நீரை ஏற்றிச் சிந்துகிறோம். ஐந்து நிமிடத்துக்கு முன் அடித்த மருந்து அங்கே எப்படித் தங்கும்? நான் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டார். "அப்போ இவ்வளவு நாளா மருந்தைக் கழுவி வெளியே விட்டிருக்கீங்க" என்றார்.

மருந்து சதை மடிப்புகளில் படிந்து ஊற நேரம் வேண்டும். அடித்த பிறகு குறைந்தது பதினைந்து நிமிடமாவது மூக்கைச் சிந்தாமல், நீர் செலுத்தாமல் இருப்பது நல்லது. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு உளூவுக்கு முன் அல்ல, தொழுகைக்குப் பின்தான் ஏற்ற நேரம். நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் இஷா தொழுதுவிட்டு அடிக்கலாம். அதன் பிறகு ஸுப்ஹு வரை மூக்கில் நீர் படாது, மருந்துக்கு முழு இரவும் கிடைக்கிறது. அடித்த உடனே படுத்துவிடாமல் பத்து நிமிடம் கழித்துப் படுங்கள். காலையில்தானே தும்மல், இரவில் அடித்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். இந்த மருந்து தும்மல் வந்ததும் அடக்குவது அல்ல. வீக்கத்தையே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இரண்டு முறை என்று எழுதியிருந்தால் ஸுப்ஹு தொழுகைக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும்.

உளூவினால் மூக்குக்குக் கேடு என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்துக்கு முன்னால் மூக்கைச் சுத்தம் செய்யச் சொல்வதைத்தான் நாம் உளூவில் செய்துவிடுகிறோம். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். சிந்தும்போது சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுழற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொருக்கு கட்டியிருக்கும் நாட்களில் அது புண்ணை மறுபடி திறந்துவிடும். நீரை மென்மையாக ஏற்றி மென்மையாகச் சிந்தினால் போதும்.

ரமளானில் பலர் இந்த மருந்தை மாதம் முழுக்க நிறுத்திவிடுகிறார்கள். பெருநாள் வரும்போது மூக்கு முழுதாக அடைத்திருக்கும். இது தேவையே இல்லை. மூக்கில் இடும் மருந்து தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியும் என்பது நம் மத்ஹபு நூல்களில் நாம் படித்தது. ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூக்கு ஸ்பிரே அடித்தவர் தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் நோன்பு முறியாது என்று முடிவு செய்தது. இதில் எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாளுக்கு ஒரு முறை மருந்து எடுப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. தராவீஹ் முடிந்து வந்து அடிக்கலாம். இரண்டு முறை என்றால் ஸஹர் நேரத்திலும் தராவீஹுக்குப் பின்னும் எடுக்கலாம். ஸஹரில் எடுப்பவர் ஸுப்ஹு உளூவை முதலிலேயே செய்துவிட்டு, பிறகு மருந்து அடிப்பது நல்லது.

இன்னொரு கேள்வியும் என்னிடம் அடிக்கடி வருகிறது. பெட்டியில் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்று எழுதியிருக்கிறதே, அடிக்கலாமா என்கிறார்கள். இது மருந்து கெடாமலிருக்கச் சிறு அளவில் சேர்ப்பது. சில ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேக்களில் இருக்கிறது. வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். போதை தரும் மது அதில் ஒன்று மட்டுமே. இந்தப் பொருள் ரோஜா எண்ணெயில் இயற்கையாகவே உள்ளது. ஸ்பிரே அடித்ததும் லேசான பூ வாசனை வருகிறதே, அது இதனால்தான். இதை அறிந்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அது இல்லாத மருந்து எழுதச் சொல்லலாம். யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லின் பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையாக நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு உடல் முழுக்கப் பரவும். முகம் உப்புவது, சர்க்கரை கூடுவது போன்றவை அதில் வரும். மூக்கு ஸ்பிரே அடிக்கும் இடத்தில் வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. 1970களில் பெக்லோமெத்தசோன் இப்படி வந்தது. பின்னால் வந்த ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவை இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, நூறில் இரண்டு பங்குக்கும் கீழே. அதற்காகக் கணக்கில்லாமல் அடிக்கலாம் என்றில்லை. கண் அழுத்த நோயோ கண்புரையோ உள்ளவர்கள், அண்மையில் மூக்கில் அறுவை செய்தவர்கள், மூக்கில் ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்ன அளவு மட்டும், பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு முறைதான். நீண்ட நாள் அடிக்கும் பிள்ளையின் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதும் வழக்கம். தம்பியின் பாட்டிலை அண்ணன் எடுத்து அடிப்பது, பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுப்பது இரண்டும் வேண்டாம்.

மருந்துக் கடையில் மூக்கடைப்புக்கு என்று கேட்டால் கொடுக்கும் வேறொரு ஸ்பிரேயும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று அவற்றில் எழுதியிருக்கும். அடித்த சில நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். அதனால் மக்கள் அதைத்தான் நல்ல மருந்து என்று நினைக்கிறார்கள். அதைத் தொடர்ந்து ஐந்து நாட்களுக்கு மேல் அடித்தால் மூக்கு அதற்கே பழகி, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு ஸ்பிரே இதற்கு நேர் எதிர். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில நாட்களில் குறையத் தொடங்கி, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். தினமும் தவறாமல் அடித்தால்தான் அந்தப் பலன்.

அந்தப் பிள்ளையின் பாட்டிலைப் பார்த்த மருத்துவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பாட்டிலில் 120 முறை என்று போட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை என்றால் நாளுக்கு நான்கு. ஆக முப்பது நாளில் பாட்டில் தீர்ந்திருக்க வேண்டும். வாங்கி இரண்டரை மாதம் ஆகியும் பாதி இருந்தது. இரத்தம் வந்ததும் நிறுத்துவது, தும்மல் கூடியதும் தொடங்குவது என்று போனதில் ஒரு முறைகூட இரண்டு வாரம் முழுதாக அடிக்கவில்லை. நடுச்சுவர் புண்ணானது, சதை மடிப்புக்கு மருந்து சேரவில்லை, சேர்ந்ததும் உளூவில் கழுவப்பட்டது. குற்றம் மட்டும் மருந்தின் மேல். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எழுதிக் கொடுத்த இடத்திலும் விற்ற கடையிலும் எவரும் அந்தப் பாட்டிலைத் திறந்து இப்படிப் பிடி என்று ஒரு நிமிடம் காட்டவில்லை.

நீங்களும் புதுப் பாட்டிலைத் திறக்கும் நாளில் அதன் மேல் தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். எண்ணிக்கை முடிந்த பிறகும் அடியில் கொஞ்சம் மருந்து ஆடும். அதை வீணாக்க மனம் வராது. ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு அழுத்தலிலும் சரியான அளவு வராது. முனை அடைத்துக்கொண்டால் குண்டூசியால் குத்தாதீர்கள்; ஓட்டை பெரிதானால் பனிபோல வர வேண்டியது பீய்ச்சி அடிக்கும், அதுவும் சுவரைப் புண்ணாக்கும். கழற்றக்கூடிய முனை என்றால் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்து மாட்டலாம்.

இரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் உடனே தலையை அண்ணாத்தி வைப்பார்கள், உச்சியில் தண்ணீர் ஊற்றுவார்கள், வெங்காயத்தை முகரக் கொடுப்பார்கள். அண்ணாத்தினால் இரத்தம் நின்றதுபோலத் தோன்றும். உண்மையில் அது தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது, பிறகு வாந்தி வரும். செய்ய வேண்டியது உட்கார்ந்து முன்பக்கம் சாய்வது. மூக்கின் மேல் எலும்பை அல்ல, கீழே மிருதுவாக இருக்கும் பகுதியின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து முதல் பதினைந்து நிமிடம், நடுவில் நின்றதா என்று திறந்து பார்க்காமல். வாயால் மூச்சு விடுங்கள். வாய்க்கு வரும் இரத்தத்தைத் துப்பிவிடுங்கள். லிட்டில் பகுதி அழுத்தத்துக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். உளூ முறியுமா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். ஹனஃபி மத்ஹபில் வழிந்தோடும் இரத்தம் உளூவை முறிக்கும், ஷாஃபிஈயில் முறிக்காது. எதுவானாலும் முதலில் இரத்தத்தை நிறுத்திவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அரை மணி நேரம் பிடித்தும் நிற்கவில்லை என்றால், கொட்டுகிற அளவுக்கு வந்தால், தலை சுற்றினால், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதய நோய்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்களும், இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். அதேபோல, கையை மாற்றிச் சரியாக அடித்தும் ஒரே பக்கம் இரத்தம் தொடர்ந்தாலும், பொருக்கு ஆறாமலே இருந்தாலும், மூச்சு விடும்போது மூக்கில் விசில் போன்ற சத்தம் வந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தாக வேண்டும். சுவரில் ஓட்டை விழுவது அரிது. அந்த விசில் அதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஆதனக்கோட்டைப் பிள்ளைக்கு மருத்துவர் சொன்னது இது. வலது மூக்குக்கு ஒரு வாரம் மருந்து வேண்டாம். காலையும் இரவும் நடுச்சுவரின் முன்பகுதியில் சிறிது வாசலின் தடவ வேண்டும், விரலை ஆழமாக விடக் கூடாது. இடது பக்கம் வழக்கம்போல் அடிக்கலாம். ஒரு வாரம் கழித்து வலது பக்கம் இடது கையால், வெளிப்பக்கம் சாய்த்து, இஷாவுக்குப் பின் தொடங்க வேண்டும். பனிக்காலம் முடியும்வரை ஒரு நாளும் விடாமல் அடிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று மூன்று முறை வெறும் கையால் பழகிய பிறகுதான் அவளை அனுப்பினார். இடது கை முதலில் அவளுக்கு வசப்படவில்லை. பாட்டில் நழுவியது. தாயார் சிரித்தார்.

ஐந்து வாரம் கழித்து வந்த அடுத்த முகாமுக்குத் தாயார் மட்டும் வந்தார். மகளுக்குக் கல்லூரித் தேர்வு. "ரத்தம் ஒரு தடவை கூட வரலண்ணே. காலையில ரெண்டு மூணு தும்மலோட சரி, ராத்திரி வாயை மூடித் தூங்குறா" என்றார், அல்ஹம்துலில்லாஹ். பையிலிருந்து தீர்ந்துபோன பாட்டிலை எடுத்துக் காட்டினார். மேலே நீல மையில் திறந்த தேதி எழுதியிருந்தது.

அடுத்த முகாமுக்கு வரும்போது வீட்டிலுள்ள ஸ்பிரே பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். சீட்டு மட்டும் போதாது. நீங்கள் அடிப்பதை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும்.